அட்டைத் தொட்டிக்கு ஆள் வைத்த கலியாணம்

கலியாணத்துக்கு லீவு கேட்டு வந்த பெண்ணிடம், "கலியாணம் ஒருநாள்தானே பிள்ளை, மிச்ச நாளெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்கிற மனிசன் திருகோணமலையில் ஒருவர்தான் இருப்பார். அவர் பேராசிரியர் தர்மசீலன். உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற ஒரு சின்னக் கடல் ஆய்வுகூடத்துக்குத் தலைவர். அவர் லீவு எடுத்ததை அங்கே யாரும் கண்டதில்லை. மற்றவர்கள் லீவு கேட்டால் ஏதோ பாஷை தெரியாதவர் மாதிரி முழிப்பார்.

கேட்டவள் கஜேந்தினி, பாலையூற்றுப் பிள்ளை. கலாநிதிப் பட்டம் எடுத்துவிட்டு அவருக்குக் கீழே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவளுடைய ஆராய்ச்சி கடலட்டைக் குஞ்சுகள் பற்றியது. மாரிமழையில் கடலோடு நல்லதண்ணீர் கலந்து உப்புக் குறையும்போது குஞ்சுகள் எவ்வளவுக்குத் தாங்கும் என்று பார்க்க, வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு உப்பில் குஞ்சுகளை விட்டிருந்தாள். மூன்று மாதம் ஓடவேண்டிய பரிசோதனை. கடலட்டை ஓடாது, கத்தாது, கடிக்காது. ஆனாலும் ஒருநாள் தண்ணீர் பிழைத்தால் முழு உழைப்பும் நாசம்.

இதில் அவளுடைய கெட்டகாலத்தையும் சொல்லவேண்டும். கலியாணம் முதலில் தை மாதத்தில்தான் குறித்தது. குஞ்சுகள் தையில் வரும் என்று பொரிப்பகத்தார் சொன்னதை நம்பி, நாளை ஆவணிக்குத் தள்ளினாள். பொரிப்பகத்திலோ முதல் தரம் முட்டை பொரிக்காமல் பிழைத்துப்போய், குஞ்சுகள் ஆறஅமர ஆனியில் வந்து சேர்ந்தன. இப்போது பரிசோதனையும் கலியாணமும் ஆவணியில் நேருக்கு நேர் வந்து நின்றன. மாப்பிள்ளை ஜதுசன் அன்புவழிபுரத்து ஆசிரியர், பொறுமைசாலி. அவருடைய அம்மா சீதேவிக்கு அந்தப் பழுது கிடையாது. "கலியாணம் உனக்கோ, அட்டைக்கோ? இன்னொருக்காத் தள்ளினா நான் என்ர பொடியனுக்கு வேற இடம் பாப்பன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டா.

"தொட்டியளை நிப்லா பாத்துக்கொள்ளுவா, சேர்" என்றாள் கஜேந்தினி. "எல்லாம் காட்டிக் குடுத்திட்டன். ஒரு கிழமை தந்தாப் போதும்."

நிப்லா மூதூர்க்காரி, பக்கத்து மேசை. நண்டில் ஆராய்ச்சி செய்கிறவள். கெட்டிக்காரி என்பது பேராசிரியருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் தாடியைத் தடவினார்.

"முதல்ல பழக்கிப் பாப்பம். இந்த வெள்ளி தொடங்கி ஞாயிறு மட்டும் நீங்கள் இந்தப் பக்கம் வரப்படாது. திங்கள் தொட்டியெல்லாம் சரியா இருந்தா லீவு. பிழைச்சா, கலியாணத்தண்டு காலமை தாலியைக் கட்டிப்போட்டு வாங்கோ."

கஜேந்தினி கூறைச்சேலை எடுக்கப் போனாள். கடைக்காரன் விரித்த சேலைகளில் அவள் கண் நிற்கவில்லை. திங்கட்கிழமை காலை ஓடிவந்து உப்பு பார்க்கும் கருவியைத் தொட்டிகளில் வைத்தாள். உப்புக் குறைவாக இருக்கவேண்டிய தொட்டிகளிலெல்லாம் உப்பு ஏறிக் கிடந்தது. பேராசிரியர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களோ? இதுக்குத்தான் சொன்னனான். லீவுக் கதையை விடுங்கோ" என்றுவிட்டு அறைக்குள் போனார்.

கஜேந்தினி கருவியை மேசையில் வைத்துவிட்டு அழப்போனாள். சீதேவி மாமியின் முகம் தொட்டிக் கண்ணாடியில் தெரிவதுபோல இருந்தது. நிப்லாவுக்கோ கோபத்தில் முகம் சிவந்துவிட்டது.

"அல்லாஹ்வுக்காகச் சொல்றன் கஜே, நான் ஒரு சொட்டுக் கடல்தண்ணியும் ஊத்தயில்ல. நீ சொன்னமாதிரி, வத்தினா நல்லதண்ணி விடவேணும் எண்டுதான் காத்திட்டு இருந்தனான். மூண்டு காலமையும் தண்ணி தொட்டியில கீறின கோட்டிலயே நிண்டிச்சு. ஒரு நூல் குறையயில்ல."

கஜேந்தினி அழப்போனவள் நின்றாள். "குறையயில்லையோ?"

"குறையவே இல்ல. நல்லதண்ணிக் கான் அப்பிடியே நிறைஞ்சு கிடக்கு, பார்."

வெளியே கச்சான் காற்று யன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் காயப்போட்ட சேலை கால்மணித்தியாலத்தில் மொறுமொறுக்கும். அந்தக் காற்றுக்குத் தொட்டித் தண்ணீர் வற்றவில்லை என்றால் யாரோ நிரப்புகிறார்கள். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதற்கு மேலே கடல்தண்ணீரை ஊற்றினால் உப்புக்கு மேல் உப்பு. அந்த அறைப் பூட்டுக்கு மூன்று திறப்புகள். ஒன்று கஜேந்தினியிடம், ஒன்று நிப்லாவிடம்.

இரண்டுபேரும் நேரே பேராசிரியரின் அறைக்குள் போனார்கள். அவர் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். கறுப்புச் சப்பாத்து இரண்டிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"சேர்," என்றாள் கஜேந்தினி, "பின்னேரங்களில தொட்டிக்குத் தண்ணி விட்டனீங்களோ?"

"ஓம்" என்றார் அவர், மறைக்கத் தெரியாத மனிசன். "கோட்டுக்குக் கீழ இறங்கிக் கிடந்தது. நிப்லா கழிவை உறிஞ்சி எடுத்துப்போட்டுத் திருப்பி நிரப்ப மறந்திட்டா எண்டு நினைச்சன். பாவம், அந்தப் பிள்ளையின்ர பிழை வெளியில வரக்கூடாது எண்டு ஒருத்தருக்கும் சொல்லயில்ல."

"என்ன தண்ணி சேர்?"

"கழிவோட போனது கடல்தண்ணி. அப்ப கடல்தண்ணிதானே…" என்று தொடங்கியவர் நடுவிலேயே நின்றுவிட்டார். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இதே பாடத்தை மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுக்கிறவர். அவருடைய காது இரண்டும் சிவந்தன.

அன்று முழுக்க அவரே கால்சட்டையை மடித்துவிட்டு அவர்களோடு நின்று, கொஞ்சம் கொஞ்சமாக நல்லதண்ணீர் சேர்த்து உப்பை இறக்கினார். குஞ்சுகள் ஒன்றும் சாகவில்லை. நடந்ததைப் பதிவில் ஒளிக்காமல் எழுதும்படியும் அவரே சொன்னார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி பிள்ளை, ஒரு கிழமை போயிட்டு வாங்கோ" என்றார்.

கஜேந்தினி சிரிப்பதற்கு முன்னமே நிப்லா வாயைத் திறந்தாள்.

"நான் பாக்கிறன் சேர். ஆனா நீங்களும் லீவு எடுக்கவேணும்."

"நானோ?"

"நீங்க இங்க நிண்டா எனக்கு ஏலாது."

"நான் தொடமாட்டன். சும்மா பாத்திட்டுப் போவன்."

"பாத்தா ஊத்துவீங்க, சேர்."

பேராசிரியர் தொட்டிகளைப் பார்த்தார், கஜேந்தினியைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "லீவு எடுத்தா நான் எங்க போறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி பகிடி இல்லை என்று தெரிந்ததும் கஜேந்தினிக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. கைப்பையைத் திறந்து, அவருக்கென்று பெயர் எழுதி, கொடுக்கப் பயந்து வைத்திருந்த கலியாணக் கார்டை நீட்டினாள்.

"இங்க வாங்கோ சேர். தாலிக்குப் பொன்னுருக்கிற நாளில இருந்தே வாங்கோ. எங்கட வீட்டில வேலைக்குக் குறைவில்லை."

அவர் லீவு போட்டதைக் கேட்டு, காரியாலயத்திலிருந்து ஒருவர் சுகமில்லையோ என்று விசாரிக்க வந்தார். பேராசிரியரோ தன்னுடைய திறப்பைக் கழற்றி நிப்லாவின் கையில் கொடுத்துவிட்டு, பாலையூற்றில் பந்தலுக்குத் தோரணம் கட்டப் போய்விட்டார். கட்டிய தோரணங்களை ஒன்றுக்கு இரண்டு தரம் அளந்து பார்த்ததாகக் கேள்வி.

கலியாணத்தன்று தாலி ஏறியது. சீதேவி மாமி வாயெல்லாம் பல்லாக நின்றா. அறுகரிசி போட்டு வாழ்த்த வந்த வரிசையில் பேராசிரியரும் பட்டுவேட்டியோடு வந்தார். மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டு, பொம்பிளையின் தலையில் போடக் குனிந்தவர் காதோடு கேட்டார்.

"நிப்லா ஏதும் சொன்னாவோ?"

தோழியின் கையில் இருந்த போனுக்கு அந்தச் செய்தி கொஞ்சம் முன்னர்தான் வந்திருந்தது. கஜேந்தினி தலை நிமிராமல் சொன்னாள்:

"தண்ணி நல்லாக் குறைஞ்சிட்டுதாம், சேர்."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "அப்பாடா!" என்று, கையில் மிஞ்சிய அறுகரிசி முழுவதையும் அவள் தலையில் ஒரேயடியாகக் கொட்டினார்.