டோக்கன் எண் போட்ட பாராட்டு

மறைமலை நகர் பக்கம் ஒரு வதந்தி. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஃபைனல் இன்ஸ்பெக்டர் பலராமன் நாவல் எழுதியிருக்கிறாராம். குறை சொன்னவன் கடைந்த பார்ட்டெல்லாம் மறுநாளே தேறாததைப் போடும் சிவப்புத் தொட்டிக்குப் போகிறதாம். விமர்சகனைப் பழிவாங்க ஆசைப்படாத எழுத்தாளன் கிடையாது. ஆனால் அதற்குத் தொட்டி வைத்திருப்பவர் இவர் ஒருவர்தான் என்பதால் நேரில் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

பலராமனுக்கு வயது நாற்பத்து நான்கு. ஒரகடம் பக்கத்துக் கிராமம். பதினோரு வருடமாகப் புஷ் என்கிற குட்டி உலோகக் குழாயின் துளையில் கேஜ் என்கிற அளவுக் கட்டையை விட்டுப் பார்ப்பதே பிழைப்பு. கேஜுக்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போகவேண்டும், மறுமுனை போகவே கூடாது. இரண்டும் போனால் துளை பெரிது, பார்ட் ரிஜெக்ட். தொழிற்சாலையில் அவரைப் பிடித்த ஆளே இல்லை. மனைவி கனகம், "வூட்லயும் அப்டித்தான்" என்றார். தோசையைக்கூடத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாராம்.

நாவல் ஒரு கேன்டீன் ஸ்டிரைக்கைப் பற்றியது. டைப் அடித்து நூற்று முப்பத்தெட்டுப் பக்கம், கார்பன் வைத்து மூன்று பிரதி. ஒரு வாரப் பத்திரிகையின் போட்டிக்குப் போகவேண்டும். அவர்கள் கேட்டது நூற்றிருபது பக்கத்துக்குள், செப்டம்பர் முப்பதுக்குள். பதினெட்டுப் பக்கத்தைக் கிழிக்க வேண்டும். எதை? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பிரதிகளை உற்பத்தி லைன் ஆட்களிடம் சுற்றுக்கு விட்டார், கூடவே ஒரு கேள்வித்தாளும். அந்தத் தாளை நான் பார்த்தேன். 'கதை பிடித்ததா? விறுவிறுப்பாக இருந்ததா? நாயகனின் கேட் உரை உங்கள் நெஞ்சைத் தொட்டதா?' கீழே, கோடு போட்டு: 'பெயர், டோக்கன் எண், ஷிப்ட்.'

ஒன்பது பேர் நிரப்பிக் கொடுத்தார்கள். எட்டுப் பேர் 'சூப்பர்'. அதில் ஒருவன் நாவலைப் பிரிக்கவே இல்லை, ஆனால் நெஞ்சு தொடப்பட்டிருந்தது. ஒன்பதாவது ஆள் லேத்தில் புஷ் கடையும் முனிரத்தினம். அவர் எழுதியது ஒரே வார்த்தை: 'ஜவ்வு.'

மறுநாள் முனிரத்தினத்தின் நாற்பது புஷ் சிவப்புத் தொட்டியில். வதந்தி பிறந்த இடம் அதுதான்.

"ரெஜிஸ்டர்ல எழுதிகீது பாருங்க, 'துளை பெரிது'ன்னு. யார் கையெழுத்து? அவரோடது. திருடனாண்டயே போயி சாட்சி கேப்பியா சார்?" என்றார் முனிரத்தினம், டீக்கடையில், ஊருக்கே கேட்கும்படி.

பலராமனிடம் கேட்டேன். "கேஜு பொய் சொல்லாது" என்றார். கேஜைப் பிடித்த கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு 'சூப்பரை' வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்க முடியவில்லை. செப்டம்பர் பத்தாகிவிட்டது. எரிச்சலில் மனிதர் ஸ்டோர்ஸ் கவுன்டரில் போய்க் கத்தினார். ஸ்டோர்ஸ் கிளார்க் மெர்சி, தண்டலத்துக்காரர், யாருக்கும் பயப்படாதவர். பயப்படத் தேவையும் இல்லை. அவர் எந்தப் பார்ட்டையும் கடைவதில்லை.

"படிக்கத் தெரியாத ஜென்மங்க! ஒருத்தனுக்காவது ஒழுங்கா பதில் சொல்லத் தெரிதா?"

"நீங்க ஒழுங்கா கேட்டீங்களா சார்? லைன்ல போயி, 'புஷ்ஷு, நீ நல்லா கீறியா'ன்னு கேப்பீங்களா?"

"அதெப்டி கேக்கறது? அளந்துதான் பாக்கணும்."

"இங்க மட்டும் இன்னாத்துக்கு நெஞ்சத் தொட்டுச்சான்னு கேக்கறீங்க? அதுவும் டோக்கன் நம்பர் வாங்கிகினு. உங்க கையில தொட்டி கீது. எவன் வாயத் தொறப்பான்?"

பலராமன் முறைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் ஸ்டோர்ஸ் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் புதுத் தாளோடு வந்து கவுன்டர் மேல் வீசினார். நன்றி என்ற சொல் அவர் டிராயிங்கில் கிடையாது.

இந்தத் தாளில் ஐந்தே கேள்வி. எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தி மூடினீர்கள், வேறு வேலை வந்து மூடினீர்களா, வேலை வராமலே மூடினீர்களா? எந்த இடத்தில் புரியாமல் பின்னால் புரட்டினீர்கள்? யாரை யாரென்று மாற்றி நினைத்தீர்கள்? ஸ்டிரைக் ஏன் முடிந்தது, கதையைப் பார்க்காமல் இரண்டு வரியில் சொல்லவும். இருபது பக்கம் கிழித்தே ஆகவேண்டுமென்றால் எந்தப் பக்கங்கள்? அடியில்: 'பாராட்டு வேண்டாம். எப்படித் திருத்துவது என்றும் எழுத வேண்டாம். அது என் வேலை.' பெயர், டோக்கன் எண் கேட்கும் கோட்டை எடுத்துவிட்டிருந்தார்.

"யாராண்ட குடுக்கப் போறீங்க?" என்றார் மெர்சி.

"லைன்ல..."

"திரும்பவும் லைனா? உங்க தொட்டிக்கு எட்டாத ஆளாப் பாருங்க."

ஒரு பிரதி மெர்சிக்கு. இன்னொன்று கம்பெனி பஸ் டிரைவர் நரசிம்மனுக்கு, அவரை ரிஜெக்ட் செய்தால் பலராமன் வாலாஜாபாத் ரோட்டில் நடந்துதான் வரவேண்டும். மூன்றாவது பிரதிக்கு ஆளில்லை. மெர்சியே பெயர் சொன்னார்: "முனிரத்தினம். ஏற்கெனவே நாப்பது போயாச்சு, இனிமே இன்னா பயம்?"

முனிரத்தினம் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. "உன் கதைய ரெண்டாவது தபா படிக்கறேன். பதிலுக்கு அந்த நாப்பது புஷ்ஷ என் கண் முன்னாடி இன்னொரு தபா கேஜ் போட்டுக் காட்டணும்."

"காட்டறேன், போ."

"எப்போ?"

"மொதல்ல படி."

ஒரு வாரத்தில் தாள்கள் திரும்பின. மெர்சி மூடியது அறுபதாம் பக்கத்தில். முனிரத்தினம் அறுபத்தொன்றில். நரசிம்மன் அறுபத்து மூன்றில், 'வேலை வராமலே' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. ஐம்பத்தெட்டு முதல் எழுபத்தேழு வரை, தொழிற்சாலை கேட்டில் நின்று நாயகன் ஆற்றும் உரை. பலராமன் எட்டு மாதம் செதுக்கியது. கிழிக்கலாம் என்று அவரே நினைத்திருந்த கேன்டீன் சண்டையில் ஒருவர்கூட மூடவில்லை.

"மூணு பேரும் சதி பண்ணிட்டீங்க!"

"நரசிம்மனாண்ட நான் பேசியே ஆறு மாசம் ஆச்சு" என்றார் மெர்சி. உண்மைதான். சீட்டுப் பணத் தகராறு.

நாலாவது கேள்விதான் அவரை உட்கார வைத்தது. ஸ்டிரைக் ஏன் முடிந்தது என்பதற்கு மூன்று பேரும் மூன்று காரணம் எழுதியிருந்தார்கள். மூன்றும் தப்பு. சரியான காரணம் எழுபத்து நான்காம் பக்கத்தில், உரையின் வாலில் இருந்தது. மூடி வைத்தவர்கள் மறுபடி திறந்தபோது அந்த இருபது பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். வெறுமனே கிழித்தால் காரணமும் குப்பையோடு போய்விடும்.

பிறகு உரை இருபது பக்கத்தையும் உருவினார். காரணத்தை மட்டும் கேன்டீன் சண்டைக்குள், சாம்பார் ஊற்றுகிறவரின் வாயில், ஒரு பக்கத்தில் வைத்தார். நூற்றுப் பத்தொன்பது. அந்தப் புதுப் பக்கத்தை மட்டும் மூன்று பேரிடமும் கொடுத்து நாலாம் கேள்வியைத் திரும்பக் கேட்டார். இந்தத் தடவை மூன்றும் ஒரே பதில். இருபத்தெட்டாம் தேதி ரிஜிஸ்டர் தபாலில் கதை போய்விட்டது.

நான் கடைசியாகப் போனபோது தீபாவளி நெருங்கிவிட்டது. முடிவு வரவில்லை. பலராமன் என்னையும் கேஜ் போடுகிற மாதிரி பார்த்தார். சிவப்புத் தொட்டி மூலையில் இருந்தது. அதில் நாற்பது புஷ், மேலே தூசி. பக்கத்தில் முனிரத்தினம், கையைக் கட்டிக்கொண்டு.

"இன்னா சார், உன் கேஜு பொய் சொல்லாதே? போட்டுக் காட்டேன்."

"லோடு அனுப்பற வேல கீது. நாளைக்கு."

"போன மாசமும் நாளைக்குத்தான்."

பலராமன் கேஜைத் துடைத்தார். இரண்டு முனையையும் துடைத்தார். பிறகு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.