ஆறா, எட்டா

கணக்கு டீச்சருக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். இன்னும் தற்காலிகம்தான். ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லாரும் கைகழுவிவிட்ட பிரிவு எப்போதும் அவர் தலையில்தான் விழும்.

அந்த வாரம் ஜெராக்ஸ் மிஷின் படுத்துவிட்டது. பழைய பயிற்சிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டார். ஆறு பேருக்கான கேக்: மாவு 450 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 3. இருபத்துநாலு பேருக்கு எவ்வளவு? வீட்டில் போட்டு அனுப்ப வேண்டும். இதில் தேறாதவர்கள் அடுத்த வருஷம் கணக்கில்லாத பிரிவுக்குப் போவார்கள் என்பது தலைமையாசிரியையின் உத்தரவு.

பதினாறு பேர் 1800, 600, 12 என்று அனுப்பினார்கள். ஜன்னலோரப் பெண் மட்டும் 1350, 450, 9. மற்றவர்கள் வெறும் விடை எழுதியிருக்க, இவள் ஒவ்வொரு படியும் எழுதியிருந்தாள். இருபத்துநாலை எட்டால் வகுத்தால் மூன்று. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கியிருந்தாள். இரண்டு வருஷத்தில் விகிதக் கணக்கை அவள் தடுமாறாமல் போட்டது அன்றுதான்.

எட்டு எங்கிருந்து வந்தது? டீச்சர் தன் படத்தைத் திறந்து பார்த்தார். கை ஆடியிருந்தது. மையும் பரவி, ஆறு அச்சு அசல் எட்டாகத் தெரிந்தது. மற்றவர்கள் படத்தையே பார்க்கவில்லை, அந்தப் பயிற்சிக்கான விடைப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்கு உறைத்தது.

போனை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனார். தப்பு தன்னுடையது, பிள்ளையின் வழி சரி என்று விளக்கினார்.

"படம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? பதினாறு பேருக்கு ஆறாத் தெரிஞ்சுதே."

"அவங்க பார்த்து எழுதியிருக்காங்க மேடம்."

"அப்படியா? அப்போ பதினாறு பேரையும் ஃபெயில் போட்டுடலாம். எழுதிக் குடுங்க."

மறு தேர்வு வைக்கலாமா என்று டீச்சர் மெல்லக் கேட்டதற்கு, தேறாதவர்கள் பட்டியல் போயாகிவிட்டது என்று பதில் வந்தது. டீச்சரின் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கும் காகிதம் மேஜையிலேயே கிடந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

மத்தியானம் அந்தப் பெண்ணை வராந்தாவுக்கு அழைத்து, படத்தைக் காட்டி, நீ போட்டது சரி, மங்கலாக எடுத்தது நான்தான் என்றார். அவள் படத்தை ஒரு கணம்தான் பார்த்தாள்.

"இல்ல டீச்சர், நான்தான் சரியாப் பார்த்திருக்க மாட்டேன். எனக்குக் கணக்கு வராதுன்னு வீட்டுலயும் சொல்லிட்டாங்க."

"வழி சரிம்மா. மூணுங்கிறது எட்டுக்குச் சரியான விடை."

"பரவாயில்ல டீச்சர்," என்றாள், டீச்சரைத் தேற்றுகிற மாதிரி.

ஜூன் மாதம் அவள் கணக்கில்லாத பிரிவு நடக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறிப்போனாள். டீச்சருக்கு இன்னொரு வருஷம் நீட்டித்தார்கள். அதே பிரிவுதான்.