கட்டம் போடும் அக்கா

எங்கள் அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கட்டக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். அச்சுக்கு வருகிற அறிக்கை, மனு, துண்டுப் பிரசுரம் எல்லாம் முதலில் அவருடைய ஜன்னலோர மேசைக்குப் போகும். அங்கிருந்து விடுதலை கிடைத்தால்தான் பக்கம் வடிவமைக்க என்னிடம் வரும். எழுத்துப் பிழை பார்க்க வேறு ஆள் உண்டு. தாளில் இல்லாததைப் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்தேன். இல்லாததைப் பார்க்க ஒரு சம்பளமா என்று வாய்விட்டே கேட்டேன். எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான்.

முதல் முறை படிக்கும்போது பென்சிலைத் தொடமாட்டார். படித்து முடித்து, தாளைக் கவிழ்த்து வைத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று கேள்வி எழுதுவார். இதை யார் படிக்கப் போறாங்க? படிச்சிட்டு அவங்க என்ன செய்யணும்? முடியாதுன்னு சொல்றவங்க என்ன காரணம் சொல்லுவாங்க? பிறகு மறுபடி படிப்பார். பதில் இருக்க வேண்டிய இடத்தில் பதில் இல்லை என்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போடுவார். உள்ளே ஒன்றும் எழுதமாட்டார். "நான் எழுதினா அது என் பேச்சாயிடும். அவங்கதான் நிரப்பணும்" என்பார்.

ஒருமுறை தண்ணீர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி துண்டுப் பிரசுரம் கொண்டுவந்தார். கடமை, பொறுப்பு, வருங்காலத் தலைமுறை என்று வார்த்தைகள் பொங்கி வழிந்தன.

"இதை யார் படிக்கணும் சார்?" என்று அக்கா கேட்டார்.

"எல்லாரும்தாம்மா."

"ஒழுகுற குழாயை மாத்த வேண்டியது வீட்டுச் சொந்தக்காரர். பாத்திரம் தேய்க்கும்போது குழாயை மூட வேண்டியது குடியிருக்கிறவங்க. எல்லாருக்கும்னு எழுதினா அவர் இவரைக் கை காட்டுவார், இவர் அவரைக் கை காட்டுவார். தண்ணி பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்."

அதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் இரண்டு தனித்தனிப் பிரசுரங்களோடு வந்தார். ஒரு நன்றி சொன்னாரா? மூச்சு விடவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது, அக்கா அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

அக்காவின் கணவர் ஒரு தையற்கடையில் கட்டிங் மாஸ்டர். மனிதர் வாயைத் திறந்தால் கேலிதான். "நான் துணியைத்தான் வெட்டுவேன், எங்க வீட்டம்மா ஆளையே வெட்டுவா" என்பார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன நிலையத்தில்தான். மதியம் வரை கடையில் நின்று வெட்டிக் கொடுத்துவிட்டு, மாலையில் போய் மெஷினில் படுப்பார். அக்கா அச்சகத்தை முடித்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து கூட்டி வருவார். வேலையும் போகவில்லை, உயிரும் போகவில்லை என்று அவர்கள் வாழ்க்கை எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிலையத்தை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் தங்கள் பெரிய மருத்துவமனையோடு சேர்க்கப் போவதாக அறக்கட்டளை அறிவிப்பு ஒட்டியது. ஆட்சேபணை இருந்தால் குறித்த தேதிக்குள் நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் தரலாம் என்றது. நோயாளிகள் கூடிப் பேசினார்கள். அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மனு எழுதினார். அதை அவர் வாசித்தபோது காத்திருப்பு அறையே அழுததாம். கண் சிவக்க அச்சகத்துக்கு எடுத்துவந்தார்.

அக்கா படித்தார், கவிழ்த்தார், கேள்வி எழுதினார், மறுபடி படித்தார். மூன்று கட்டம் விழுந்தது.

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. "அங்க அத்தனை பேரும் அழுதாங்கம்மா. நீங்க கட்டம் போடுறீங்க!"

"அழுதவங்க எல்லாம் நம்ம ஆளுங்க சார். மூடுறதா வேண்டாமான்னு கையெழுத்துப் போடப் போறவங்க அந்த ரூம்ல இல்லையே. 'சமுதாயத்துக்கு ஒரு வேண்டுகோள்'னு ஆரம்பிச்சிருக்கீங்க. சமுதாயமா முடிவு பண்ணப் போகுது?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சரி, அடுத்தது?"

"கடைசியில 'நல்ல முடிவு எடுப்பீர்கள் என நம்புகிறோம்'னு இருக்கு. எது நல்ல முடிவு? மூடக் கூடாதா, தள்ளிப் போடணுமா, வேற இடம் பார்க்கணுமா? அவங்களுக்கு மூடுறதுதான் நல்ல முடிவு. மூடிட்டு, நீங்க கேட்டதைத்தான் செஞ்சோம்னு சொல்லுவாங்க."

"மூணாவது?"

"பெரிய ஆஸ்பத்திரியில புது மெஷின் நிறைய இருக்கே, அங்க போங்களேன்னு கேட்பாங்க. அதுக்கு இதுல பதிலே இல்லை."

வாத்தியார் அங்கேயே உட்கார்ந்து நிரப்பினார். குழுவின் தலைவருக்கு என்று ஆரம்பித்தார். நிலையம் இப்போதுள்ள இடத்திலேயே தொடர வேண்டும் என்று முதல் பத்தியிலேயே எழுதினார். பெரிய மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், டயாலிசிஸ் முடிந்து எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அந்த நிலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது என்று எழுதினார். அக்கா திரும்பப் படித்தார். இந்த முறை ஒரு கட்டமும் இல்லை. நான் பக்கம் அமைத்தேன், நானும் படித்தேன். கச்சிதமாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னோம்.

பதில் வந்த அன்று வாத்தியார் இனிப்போடு வந்தார். "ஜெயிச்சிட்டோம்மா! மூடுறதை நிறுத்தலைதான். ஆனா எல்லாருக்கும் இலவச வேன் விடுறாங்க. வீட்டு வாசல்லயே ஏத்திக்குவாங்களாம்."

அக்கா கடிதத்தை வாங்கினார். நோயாளிகள் குறிப்பிட்ட சிரமம் பயணம் ஒன்றே என்பதால் அது தீர்க்கப்படுகிறது என்று இருந்தது. அதன் கீழே, வேன் தினமும் காலையில் புறப்படும், சிகிச்சை பகலில் நடைபெறும் என்று இருந்தது.

"காலையிலயா?" என்றார் அக்கா.

"காலையிலதான். எனக்கென்ன, எப்ப வந்தாலும் நான் வீட்லதானே இருக்கேன்" என்று வாத்தியார் இனிப்பை நீட்டினார்.

அக்கா எங்கள் அலுவலகப் பிரதியை எடுத்து வரி வரியாக விரலை ஓட்டினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மறுபடி முதல் பக்கம். "சாயங்காலம்னு ஒரு வார்த்தை இதுல இல்லை" என்றார் என்னிடம். "வேலைக்குப் போறவங்க சாயங்காலம்தான் வர்றாங்கன்னு எங்கயுமே இல்லை."

நிலையத்திலிருந்து அறக்கட்டளையின் தலைமை அலுவலகத்துக்குப் போனதெல்லாம் மாதக் கணக்கு மட்டுமே. எத்தனை பேர், எத்தனை முறை என்று இருக்கும். எந்த நேரம் என்று இருக்காது. மாலை நேரம் என்பது, வேலைக்குப் போகிறவர்களுக்காக நிலையத்தின் தலைமை நர்ஸ் தானாகச் செய்துகொடுத்த ஏற்பாடு. குழுவில் யாரும் மாலையில் அங்கே எட்டிப் பார்த்தவர்கள் இல்லை. அக்காவோ வாரத்தில் மூன்று நாள் அதைப் பார்த்தவர். வேறு யாருடைய ஊரில் வேறு யாருடைய நிலையம் என்றாலும் அந்த ஓரத்தில் ஒரு கட்டம் விழுந்திருக்கும். தாளில் இல்லாத மாலை அவர் மண்டைக்குள் இருந்ததால், தாளிலும் இருப்பதாகவே படித்துவிட்டார்.

உடனே இன்னொரு மனு போனது. ஆட்சேபணைக் காலம் முடிந்துவிட்டது, முதல் மனுவில் சொல்லப்படாததை இப்போது பரிசீலிக்க இயலாது என்று பதில் வந்தது. முதலிலேயே எழுதியிருந்தால் மட்டும் கொடுத்துக் கிழித்திருப்பார்களா என்று நான் கத்தினேன். "தெரியாது" என்றார் அக்கா. "கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

தையற்கடையில் காலைதான் வெட்டும் நேரம். வெட்டிக் கொடுத்தால்தான் தைப்பவர்கள் மெஷினை மிதிக்க முடியும். மாஸ்டர் வேன் ஏறிப் போகிற நாளில் கடையே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதலாளி கெட்டவர் இல்லை. கொஞ்ச நாள் பொறுத்தார், பிறகு வேறு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அதை மாஸ்டர் வீட்டில் சொல்லவில்லை. காலையில் அக்கா அச்சகத்துக்குக் கிளம்பியதும், சில நாள் வேனில் ஏறினார், சில நாள் கடைக்கு நடந்தார். மாலையில் கேட்டால் எல்லா நாளும் ஒரே பதில்தான்: "போயிட்டு வந்தாச்சு."

வேன் டிரைவர்தான் ஒருநாள் அச்சக வாசலில் வண்டியை நிறுத்தி, "மாஸ்டர் ஊர்ல இல்லையாக்கா? அடிக்கடி ஆளைக் காணோமே" என்று கேட்டார். அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். எனக்குப் பயமாக இருந்தது, பின்னாலேயே ஓடினேன். மாஸ்டர் வெட்டும் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். முகம் உப்பியிருந்தது. கால் வீங்கிச் செருப்புக்கு வெளியே பிதுங்கியது.

"உங்களுக்கென்ன பைத்தியமா? எதுக்கு என்கிட்ட பொய் சொன்னீங்க?" என்று அக்கா அலறினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"சொன்னா நீ உன்னையே திட்டிக்குவ. ஏற்கனவே தூங்க மாட்டேங்கிற" என்றார் மாஸ்டர். கையில் கத்திரி இருந்தது. "இந்த ஒரு துணி மட்டும் முடிச்சிட்டு வந்திடறேன். அளவு எல்லாம் போட்டுட்டேன் பாரு."

அந்தத் துணியை அவர் முடிக்கவில்லை. ஆட்டோவிலேயே மூச்சுத் திணறல் வந்தது. உடம்பில் நீரும் உப்பும் தேங்கி இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். அக்கா அழாமல் நின்றார். நான்தான் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அழுதேன்.

சில நாள் கழித்து அக்கா அச்சகத்துக்கு வந்தார். தன் மேசைக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்து ஒரு தாளை வைத்தார். மாஸ்டருக்கான அஞ்சலிக் கூட்டத்தின் அழைப்பு. அக்காவே எழுதியது.

"நீ படி. நான் எழுதினதை இனிமே நான் பார்க்க மாட்டேன்" என்றார்.

படித்தேன். கூட்டம் எந்த நாள் என்று இருந்தது. கடைக்கு மேலே இருக்கும் கூடத்தில் என்று இருந்தது. அவருடைய தொழில், வயது, அவர் கேலிக்காரர் என்பதுகூட இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி படித்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அவருடைய மேசையிலிருந்து பென்சிலை எடுத்துவந்து, தேதிக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டேன்.

அக்கா குனிந்து அதைப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"சாயங்காலம்தான்" என்றார். "அவருக்கு எப்பவும் சாயங்காலம்தானே."

பென்சிலை அவரிடம் நீட்டினேன். கட்டத்துக்குள் அவரே எழுதினார்.