பதினெட்டு மூட்டை

சிமெண்ட் கிடங்குக் காவலாளி பதினெட்டு மூட்டையை விற்றுவிட்டான் என்று டீக்கடையில் பேச்சு. அடுத்த பெஞ்சில் அது ஒரு லாரியாகிவிட்டது. வதந்தியும் வீட்டு வாடகையும் ஏறுமே தவிர இறங்காது. விசாரிக்கக் கிடங்குக்குப் போனேன்.

கிடங்கு குமாஸ்தாவுக்குப் பட்டப்பெயர் ‘பார்த்தாச்சு’. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். இருபத்திரண்டு வருடமாக ஒரு கூட்டலும் தப்பாததால் கிடங்கில் அவர் சொல்தான் தீர்ப்பு. புத்தகத்தில் 1764 மூட்டை, எண்ணினால் 1746. சாவி காவலாளியிடம் இருந்தது. சுமை தூக்குகிற நாற்பது பேர் முன்னால் “இவன்தான்” என்று கைநீட்டியவர் பார்த்தாச்சு. காவலாளி இப்போது போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில். ஐந்து மணிக்குள் மூட்டை வராவிட்டால் கேஸ் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மணி நாலு. காவலாளியின் மனைவி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, இன்னொரு தடவை கூட்டிப் பாருங்கண்ணே.”

“பார்த்தாச்சும்மா. ஒன்பது கழிச்சே பார்த்தாச்சு.”

எனக்கும் காட்டினார். நாலு லாரியில் வந்த மூட்டைகள்: 486, 395, 427, 438. ஒவ்வொன்றிலும் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளினால் மிச்சம் 0, 8, 4, 6. அவற்றின் கூட்டல் பதினெட்டு. ஒன்பதுகளைத் தள்ளினால் பூஜ்யம். மொத்தம் 1764-லும் இலக்கங்களின் கூட்டல் பதினெட்டு, மிச்சம் பூஜ்யம்.

“ரெண்டும் ஒண்ணு. நான் என்ன பண்ண?”

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். “ஒரு சந்தேகம்ணே. திருடுறவன் எதுக்குப் பதினெட்டு எடுக்கணும்? ரவுண்டா இருபது எடுத்தா கை சுளுக்கிக்குமா?”

ஒரு சுமைக்காரர் சிரித்துவிட்டார். பார்த்தாச்சு சிரிக்கவில்லை. “பதினெட்டு,” என்று முணுமுணுத்தார். “ரெண்டு ஒன்பது.” குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்து, மண்டியிட்டுத் துழாவினார்.

கசங்கிய துண்டுச்சீட்டில் அவர் கையெழுத்திலேயே 1746. புத்தகத்தில் ஏற்றும்போது நாலும் ஆறும் இடம் மாறியிருக்கின்றன.

“இடம் மாறினாலும் இலக்கம் அதேதானே,” என்றார் தரையிலிருந்தே. “மிச்சம் எப்படி மாறும்? மிச்சம் ஒத்துப்போகலைன்னா கணக்கு தப்பு, அது நிச்சயம். ஒத்துப்போனா சரின்னு அர்த்தமில்ல. தப்பே ஒன்பது ஒன்பதா இருந்தா இந்தச் சோதனைக்குக் கண்ணு தெரியாது.”

“இது முன்னாடியே தெரியுமா?” என்றேன்.

“தெரியும்.”

நாலு லாரியையும் முழுதாக ஒருமுறை கூட்டினார். முதலாளிக்குப் போன் போட்டார். ஸ்டேஷனுக்கு ஓடினார்.

ஐந்தேகாலுக்குக் காவலாளி வெளியே வந்தார், வலது கன்னம் வீங்கியிருந்தது. பார்த்தாச்சு அவரை ஓரமாக அழைத்துப்போய், “தப்பு என்னோடதுப்பா, மன்னிச்சிடு,” என்றார்.

“சரிங்க சார். ஆனா திருடன்னு நாப்பது பேர் முன்னாடி சொன்னீங்க. இதை என்கிட்ட மட்டும் சொல்றீங்களே?”

“நாளைக்குக் காலைல சொல்லிடறேன்.”

இது நடந்து பதினொரு நாள் ஆகிறது. நேற்றும் கிடங்குக்குப் போய்க் கேட்டேன். இன்னும் சொல்லவில்லை.