டப்பாவில் இருந்த மஞ்சள் தூள்

கோழிக்கார அக்கா எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது, கையில் ஐஸ் பெட்டியும் முகத்தில் பொருளைத் திருட்டுக் கொடுத்தவளின் கலவரமும் இருந்தன. பெட்டியில் உரித்த கோழிகள் இரண்டு.

"தம்பி, இதுல ஹார்மோன் இருக்கான்னு பார்த்துச் சொல்லணும். இருந்தா மறைக்காதீங்க."

எனக்கு எரிச்சல். வாரத்துக்குப் பத்துப் பேர் இதே கேள்வியோடு வருவார்கள். ஆனால் கோழி வளர்ப்பவரே வந்து கேட்டது அதுதான் முதல்முறை.

"ஏங்கா, உங்க கோழி மேல உங்களுக்கே சந்தேகமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். கணவர் இறந்து எட்டு மாதம். மூவாயிரம் கோழிகள் உள்ள கொட்டகையைத் தனியாகத்தான் பார்த்துக்கொள்கிறார். "காலையில பார்த்த குஞ்சு சாயங்காலம் வேற குஞ்சா நிக்குது தம்பி. ராத்திரி படுத்தா, அதுங்க வளர்ற சத்தம் கேக்குற மாதிரி இருக்கு. பயமா இருக்கு."

சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். பொறுமையாகச் சொன்னேன்: வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் மற்ற புரதத்தைப் போலவே செரித்துப் போகும். ஊசியாகப் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு கோழிக்கும். "மூவாயிரம் கோழிக்கு யாருக்கா ஊசி போடுவா? பல தலைமுறையா தேர்ந்தெடுத்த ஜாதி, நல்ல தீவனம், அவ்வளவுதான். ஆறு வாரத்துல ரெண்டு கிலோ தாண்டுறது அதனாலதான்."

ஆனாலும் மாதிரியை வாங்கிக்கொண்டேன். ஹார்மோன் சோதனையோடு, வழக்கமான ஆன்டிபயாடிக் சோதனையையும் சேர்த்து ஓட்டினேன்.

மூன்றாம் நாள் சோதனைக் கருவியின் திரையைப் பார்த்தேன். ஹார்மோன் இல்லை. வழக்கமாகச் சிக்கும் ஆன்டிபயாடிக்குகளில் டெட்ராசைக்ளின் இல்லை. என்ரோஃப்ளாக்சசினும் இல்லை. ஆனால் ஓரிடத்தில் கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. ஃபுராசோலிடோன் விட்டுச் சென்ற எச்சம். அந்த மருந்து கோழியின் உடம்பில் சில மணி நேரத்தில் காணாமல் போய்விடும். அதன் துண்டு மட்டும் இறைச்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். வேகவைத்தாலும் போகாது. புற்றுநோய் அச்சத்தால் உணவுக்கு வளர்க்கும் கோழிகளுக்குத் தடை செய்த மருந்து அது. இரண்டாம் கோழியிலும் அதே கோடு.

போன் போட்டேன். "நான் ஒரு மருந்தும் குடுக்கல தம்பி, சத்தியமா" என்றார். அந்தக் குரலில் பொய் இல்லை. மத்தியானமே கொட்டகைக்குக் கிளம்பினேன்.

நான் உள்ளே கால் வைத்ததும் மூவாயிரம் கோழிகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. மின்விசிறி மட்டும் ஓடியது. அத்தனை கண்களும் என்னையே பார்த்தன.

"அந்நிய ஆள் வந்தா அப்படித்தான். அவர் இருந்தா சத்தம் போடும்" என்றார் அக்கா. அவர் என்றால் இறந்துபோன மனுஷன். பேச்சோடு பேச்சாக, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். 'வளர்ச்சி' என்று பேனாவால் எழுதியிருந்தது. கையெழுத்து அந்தக் கணவருடையது.

"ஆஸ்பத்திரியில கடைசியா இதைத்தான் சொன்னாரு. டப்பாவை மறந்துடாதே, தினம் ஒரு கரண்டி தண்ணியில போடுன்னு. மருந்துன்னு சொல்லல. இதுதான் ஹார்மோனோன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

மூடியைத் திறந்தேன். மஞ்சள் தூள். வாங்கிய சீட்டு எதுவும் இல்லை.

"ஹார்மோன் இல்லக்கா. கழிச்சலுக்குப் பழைய ஆளுங்க போட்ட ஆன்டிபயாடிக். தடை பண்ணது."

"அப்ப சில நாள் நிறுத்திட்டுக் கோழியைப் பிடிச்சா சரியாயிடுமா? மத்த மருந்துக்கு அவரு அப்படித்தானே சொல்வாரு?"

"மத்ததுக்கு ஆமா. நிறுத்தி, சொன்ன நாள் காத்திருந்தா அளவு இறங்கிடும். காத்திருக்காம வித்தாதான் தப்பு. சும்மா போட்டுட்டே இருந்தா கிருமிக்கு மருந்து பழகிப் போகும், அது வேற ஆபத்து. ஆனா இதுக்குக் காத்திருக்குற கணக்கே கிடையாது. போடவே கூடாது."

அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். மறுநாள் காலை கோழி ஏற்ற வண்டி வருவதாக இருந்தது. சரக்கு போவது ஒரு மாணவியர் விடுதிக்கு. அவருடைய மகளும் அங்கேதான் தங்கிப் படிக்கிறாள்.

அறிக்கை என் பையில் இருந்தது. அவர் காசு கொடுத்துச் செய்த சோதனை. அவர் வாயைத் திறக்காவிட்டால் வண்டி போய்விடும். நான் வாயைத் திறக்க வேண்டிய நிலை வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பதறினேன். அவர் போனை எடுத்தார்.

"நாளைக்கு வண்டி வேண்டாம். ஒரு கோழி கூட வெளியே போகாது." வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "உங்க பேச்சை நான் தட்டினதே இல்லைங்க. இன்னிக்குத் தட்டுறேன்."

சுவர்ப் பக்கம் யாரும் இல்லை. ஆனால் கோழிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி, ஒரே குரலில் சத்தம் போட ஆரம்பித்தன. நான் வாசலுக்கு நகர்ந்துவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்துவிட்டேன்.

அக்கா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தார்.

"ஒரு தட்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகிடாதுல்ல தம்பி?"

"உடனே ஒண்ணும் ஆகாதுக்கா. நாள் பட சாப்பிடக் கூடாதுன்னுதான் தடை."

அவர் தலையசைத்தார். கொஞ்ச நேரம் விரல் மடக்கி ஏதோ எண்ணினார்.

"மக அந்த விடுதிக்குப் போய் மூணு வருஷம் ஆச்சு தம்பி" என்றார். "அவரு காலத்துல இருந்தே அங்க நம்ம கோழிதான்."