கண்ணாடியோர நாற்காலி

அந்தத் தோல் கிளினிக்கில் டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். பன்னிரண்டு வருடமாக மாறாதது டோக்கன் அக்கா ஒருத்திதான். வாசலை ஒட்டித் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அதன் ஓரத்தில் அவள் மேசை. தெருவில் போகிறவர்கள் அவள் சிரிப்பைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார்கள் என்பது மேனேஜரின் கணக்கு. அக்காவின் கணக்கும் அதுவே. வீட்டில் மாமியார், நாத்தனார், மூன்று பிள்ளைகள் என்று இரண்டு அறைக்குள் நெருக்கியடிக்கிற வாழ்க்கை. இங்கே மட்டும்தான் அவளுக்கென்று ஒரு நாற்காலி, அதில் ஒரு மரியாதை.

டோக்கன் கொடுப்பது சம்பளத்துக்கு. பேர் வாங்கியது இன்னொன்றுக்கு. சன்ஸ்கிரீன் விற்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

"நான் வெளியவே போறதில்லையேம்மா" என்று யாராவது நழுவப் பார்த்தால் போதும்.

"வெளிய போறவங்களுக்கு ஒரு தடவைன்னா, வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு ரெண்டு தடவை. ட்யூப் லைட்டு சும்மா விடுமா?"

டியூப் லைட் என்ன செய்யும் என்று அவளுக்கும் தெரியாது, அதைச் சொல்லிக்கொடுத்த மேனேஜருக்கும் தெரியாது. ஆனால் சரக்கு நகர்ந்தது.

அவளுடைய பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் ஒருவர் உண்டு. ஆவணக் காப்பகத்தில் எழுத்தர். அலுவலகம் தரைக்குக் கீழே, ஜன்னல் என்ற பேச்சே இல்லை. குடியிருப்பும் அதே கட்டடத்தின் பின்பக்கம். கிளினிக்கில் அவருக்குப் பாதாள சார் என்று பெயர். காலை பத்துக்கு ஒரு தடவை, மதியம் ஒன்றுக்கு ஒரு தடவை முகம், கழுத்து, காது மடல் எல்லாம் வெள்ளையடித்துக்கொண்டுதான் கோப்பைத் திறப்பார். மாதம் இரண்டு ட்யூப்.

"நீங்க எதும்மா போடறீங்க?" என்று ஒருநாள் அவர் கேட்டுவிட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கெதுக்கு சார்? நான் நிழல்லதானே உட்கார்ந்திருக்கேன்!"

அவள் இதைச் சொல்லும்போது மேசையில் பாதிவரை வெயில் விழுந்திருந்தது.

முகத்தில் கருந்திட்டாகப் படரும் மங்கு அவளுக்கு வந்தது அந்த வருடம்தான். இரண்டு கன்னத்திலும் லேசாகத் தொடங்கி, இடது பக்கம் மட்டும் காப்பிக் கறை மாதிரி கெட்டியாகப் படிந்துவிட்டது. கல்லீரல் சூடு என்றாள் மாமியார். போனை இடது காதில் வைத்துப் பேசுவதால் என்றாள் நாத்தனார். அக்கா போனை வலது காதுக்கு மாற்றினாள். மங்கு மாறவில்லை.

மேனேஜர் இரண்டு வாரம் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். மூன்றாவது வாரம் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. தோல் ஆஸ்பத்திரி வாசல்லயே மங்கோட ஒரு ஆள் உட்கார்ந்திருந்தா, வர்றவன் என்ன நினைப்பான்? ஒண்ணாந்தேதியிலிருந்து நீங்க ஃபைல் ரூமுக்குப் போயிடுங்க."

ஃபைல் ரூம் என்பது படிக்கட்டுக்கு அடியில் ஒரு பொந்து. அக்கா நேராகப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். டாக்டரம்மா பேச்சில் கஞ்சம். எழுதுகிற சீட்டிலும் கஞ்சம். அதனாலேயே மேனேஜருக்கு ஆகாது.

"டாக்டரம்மா, கண்ணாடிப் பக்கம் இருக்கற கன்னம்தான் கருக்குது. மேசையைத் திருப்பிப் போடச் சொல்லட்டுமா? வலது கன்னமும் கொஞ்சம் வாங்கிக்கட்டும். ரெண்டும் ஒரே மாதிரி ஆயிட்டா பளிச்சுன்னு தெரியாதுல்ல?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து அவளோடு வாசலுக்கு வந்தார். மேசை மேலிருந்த சிவப்பு டோக்கன் புத்தகத்தைத் தூக்கினார். கண்ணாடிப் பக்கம் இருந்த பாதி வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. மறுபாதி அச்சான நாளின் சிவப்பு.

"இது எத்தனை மாசமா இங்க இருக்கு?"

"நாலு மாசம்."

"நீங்க?"

அக்கா தன் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கண்ணாடி பாதி வேலைதான் பார்க்கும்மா. தோலைச் சுடற கதிரைப் பெரும்பாலும் நிறுத்திடும். கருக்க வைக்கற கதிரை நிறைய உள்ள விட்டுடும். சுடாததால நமக்கும் தெரியறதில்ல. அதுவும் மங்கு வந்த தோலுக்கு, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே கெடுதல். பாதாள சார் போடற வெள்ளை கிரீம் அதைத் தடுக்காது. தோல் நிறம் கலந்தது வேணும்."

"அப்ப வீட்டுக்குள்ள போடணும்னு நான் சொல்றது சரிதானே?"

"உங்களுக்குச் சரி. அவருக்கு எதுக்கு? ஜன்னலை விட்டு ஏழெட்டு அடி உள்ள தள்ளி உட்கார்ந்தாலே பெரும்பாலும் போதும். அவர் ஜன்னலே இல்லாத இடத்துல இருக்கார். ட்யூப் லைட்டுக்காக யாரும் கிரீம் பூச வேண்டாம்."

ஆக, பூச வேண்டாதவருக்கு மாதம் இரண்டு ட்யூப். பூச வேண்டியவள் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அன்று முழுக்க அக்கா யாருக்கும் எதையும் விற்கவில்லை.

அடுத்த வாரம் பாதாள சார் உடம்பெல்லாம் வலி என்று வந்தார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. அதற்கு வெயில் நல்லது என்று எங்கோ கேள்விப்பட்டு, தினமும் மதியம் மாடி வராந்தாவில் மூடிய ஜன்னலுக்குப் பின்னால் அரை மணி நேரம் உட்காருகிறாராம்.

"அது கண்ணாடி வழியா கிடைக்காது சார்," என்றார் டாக்டரம்மா. "வெளிய வாங்க. கையும் காலும் கொஞ்ச நேரம் வெயில்ல படட்டும், கருகற அளவுக்கு வேண்டாம். மாத்திரையும் தர்றேன்."

"கிரீம்?"

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா டோக்கன் புத்தகத்தைப் பார்த்தாள்.

ஒண்ணாந்தேதி பொந்துக்குப் போனாள். ராத்திரிக்கு டாக்டரம்மா எழுதிக்கொடுத்த களிம்பு. காலையில் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது நிறக் கிரீம், குடை. பகலெல்லாம் ஜன்னல் இல்லாத இருட்டு. அழுகை வந்த நாட்களும் உண்டு. அங்கே பார்க்க ஆளில்லை என்பது ஒரு வசதி. ஆறு மாதத்தில் காப்பிக் கறை பால் ஊற்றினதுபோல் வெளுத்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவர் மேனேஜர். போட்டோக்காரரைக் கூட்டிவந்தார். மங்கு இருந்தபோது பணியாளர் அட்டைக்காக எடுத்த படம் இடப்பக்கம், புதுப்படம் வலப்பக்கம். கீழே கிளினிக் விற்கிற வெள்ளை கிரீமின் படம். 'வீட்டுக்குள்ளும் பூசுங்கள்' என்று கொட்டை எழுத்து. அவள் அந்தக் கிரீமைத் தொட்டதே இல்லை; தொட்டாளா என்று யாரும் கேட்கவும் இல்லை. படத்தைப் போடலாமா என்று அவளையும் கேட்கவில்லை.

போஸ்டர் கண்ணாடியில் ஏறிய அன்றே மேனேஜர் பொந்துக்கு வந்தார். "வாங்க வாங்க, உங்க நாற்காலி காத்துக்கிட்டிருக்கு. போஸ்டரைப் பார்த்துட்டு வர்றவங்க ஆளையும் பார்க்கணும்ல?"

"வர்றேன் சார். மேசையை உள்சுவர்ப் பக்கம் போட்டுட்டுக் கூப்பிடுங்க."

"அங்க எதுக்கு? தெருவுல போறவனுக்குத் தெரியணும்."

"கண்ணாடியோரம் உட்கார்ந்தா மூணு மாசத்துல திரும்ப வந்துடும் சார். அப்ப தெருவுல போறவன் போஸ்டரையும் பார்ப்பான், என்னையும் பார்ப்பான். எனக்கொண்ணும் இல்ல. சொல்லுங்க, எங்க உட்காரட்டும்?"

மேனேஜர் அவளையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். மாலைக்குள் மேசை எட்டடி உள்ளே நகர்ந்திருந்தது. சொந்தக் கைக்காசில் அச்சடித்த போஸ்டர் அது. மங்கு படிந்த முகத்தையும் போஸ்டரையும் ஒரே வாசலில் வைக்க மனிதருக்கு மனசு வருமா?

அக்கா இப்போதும் விற்கிறாள். ஆனால், "ஜன்னல் எத்தனை அடி தள்ளி?" என்று கேட்டுவிட்டுத்தான். பாதாள சாருக்கு விற்பதில்லை. அவர் வெயிலில் நடந்துவிட்டு வழியில் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்.

காலியான கண்ணாடியோரத்தை மேனேஜர் வீணாக்கவில்லை. ஓர் அலமாரி போட்டு, சன்ஸ்கிரீன் ட்யூப்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார். பகல் முழுக்க அவற்றின் மேல் வெயில். ஒவ்வொரு ட்யூபின் முதுகிலும் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு: நேரடி வெயில் படாத இடத்தில் வைக்கவும்.

அக்கா அதை மேனேஜரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "கண்ணாடிக்கு உள்ளதானேம்மா இருக்கு?" என்றார்.