குழித்துறையில் தொடங்கும் கடல்

கோப்புகளுக்கு எண் போடாத ஆசிரியர்களை என்ன செய்யலாம் என்று இப்போது கேட்டாலும் என்னிடம் கடுமையான யோசனைகள் உண்டு. என் சிநேகிதி ஒருத்தி அப்படிப்பட்டவள். தக்கலைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். கடற்கரைப் பொறியியல் என்ற விருப்பப் பாடத்தை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். கணவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்ததும் ஒரு பென் டிரைவை என் மேசையில் வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாள்.

"எல்லா ஸ்லைடும் இதுல கெடக்குட்டி. நீ சும்மா போட்டுக் காட்டுனா போதும்."

போதவில்லை. கல்லூரி தன்னாட்சி பெற்ற புதிது. எந்த வாரம் எந்தத் தலைப்பு, அதற்கு மாணவர்கள் எதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்காத விருப்பப் பாடம் நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளை அப்படியே மேலாண்மைத் தாளுக்கு மாற்றிவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் கடற்கரை ஊர்க்காரர்கள். அதில் ஒருத்தி என்னை வராந்தாவில் மடக்கினாள்.

"மேடம், மேனேஜ்மெண்டுக்குப் போவச் சொல்லாதீங்க. கடலு ஏறாம இருக்க எங்க வீட்டுக்கு முன்னால கல்லு போட்டாவ. வருசா வருசம் அது தாழுது. ஏன் தாழுதுன்னு தெரியணும்."

எனக்கும் அந்த மேலாண்மைத் தாளைக் கண்டால் ஆகாது. சரி என்றேன்.

பென் டிரைவைத் திறந்தால் ஏழு கோப்பு. பெயர்கள்: சின்னமுட்டம், குளச்சல், இரணியல், குழித்துறை, மணவாளக்குறிச்சி, முட்டம், சுசீந்திரம். பாடத்தின் பெயர் ஒன்றில்கூட இல்லை, பஸ் ஸ்டாண்டு போர்டு மாதிரி ஊர்ப் பெயர்தான். ஆங்கிலத்தில் வைத்திருந்ததால் கம்ப்யூட்டர் அவற்றை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிக் காட்டியது. எனக்கு வந்த கோபத்தில் அந்த வரிசையையே எடுத்துக்கொண்டேன். மொத்த ஸ்லைடுகளைப் பதினைந்து வாரத்துக்குச் சமமாகப் பங்கு வைத்தேன். ஒவ்வொரு கோப்பின் கடைசி ஸ்லைடிலும் இருந்த நாலு புத்தகத்தையும் எல்லா வாரத்துக்கும் எதிரே எழுதினேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

துறைத்தலைவர் சுசீந்திரத்துக்காரர், நல்ல மனிதர். நான் கத்தினாலும் சிரிப்பார். தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், மொத வாரமே சின்னமுட்டத்துல துறைமுகம் கட்டிட்டீங்க. அதுக்கப்புறம் அலை ஒடையுது. அலைன்னா என்னன்னு பத்தாவது வாரந்தான் சொல்லுகீங்க. அதுவரைக்கும் பிள்ளையளு என்ன செய்யும், கரையில நிக்குமா?"

"அவ வச்சிருக்க வரிசை சார்."

"அவ வச்ச வரிசையா, ஏபிசிடி வச்ச வரிசையா? சரி, வாரம் நாலு புத்தகம் போட்டிருக்கீங்க. நீங்க படிச்சிருவீங்களா?"

தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். ஏபிசிடி என்று அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

கோப்புகளைக் கடைசியாக எந்தத் தேதியில் திருத்தினாள் என்று பார்த்தேன். எல்லாம் ஒரே நாள். போகிற அன்று எல்லாவற்றிலும் முதல் ஸ்லைடில் தன் புது ஈமெயிலை ஏற்றிச் சேமித்திருக்கிறாள், மகராசி. பிறகு ஒவ்வொன்றையும் முதலிலிருந்து வாசித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டாவது ஸ்லைடில் 'சென்ற வகுப்பில் பார்த்தது' என்று மூன்று வரி எழுதுவது அவள் வழக்கம். குளச்சலில் 'சென்ற வகுப்பில் அலை நீளம், அலை உயரம்' என்று இருந்தது. அலை நீளம் இருப்பது முட்டத்தில். ஆக முட்டத்துக்குப் பின்னால் குளச்சல். கரைக்கு வந்து அலை உடைவதைக் குளச்சல் சொல்கிறது. அது மணவாளக்குறிச்சியின் இரண்டாவது ஸ்லைடில் இருந்தது. உடைந்த அலை மணலைக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டு போகும் பாடம் அது. இப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. குழித்துறைக்கும் இரணியலுக்கும் மட்டும் அந்த ஸ்லைடு இல்லை. குழித்துறைக் கோப்பு, அந்த ஊர் வழியே ஓடும் எங்கள் மாவட்டத்துத் தாமிரபரணி மணலைக் கடலுக்குக் கொண்டுவருவதைக் காட்டிப் பாடத்தை அறிமுகம் செய்கிறது, அதனால் அதுதான் தொடக்கம். இரணியலைச் சின்னமுட்டத்தின் 'சென்ற வகுப்பு' பிடித்துக்கொண்டது, ஆனால் இரணியலுக்கு முன்னால் ஏதாவது கோப்பு விட்டுப்போனதா என்று தெரியவில்லை. மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, இரணியல்ல ஏதுட்டி கடலு?"

"கடலு இல்ல, ரயில்வே ஸ்டேசன்ல சரளக்கல்லு கொட்டிப் போட்டிருப்பான்லா? அந்தப் போட்டோவ வச்சுத்தான் கல்லுச்சுவரு பாடத்த ஆரம்பிப்பேன்."

"சென்ற வகுப்பு எங்க?"

"அதுக்கு முன்னால பரீட்ச வந்துரும். பரீட்ச முடிஞ்சு வாற பிள்ளையளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அதான் போடல."

"எண்ணு போட்டிருந்தா உன் கையி ஒடிஞ்சிருக்கும், இல்லியா?"

"ஊரு பேரு சொன்னா எனக்குப் பாடம் ஓர்ம வரும். ஒனக்கு வரலன்னா நான் என்ன செய்ய?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். சவம் என்று திட்டிக்கொண்டேன்.

வரிசை வந்துவிட்டது, அளவு வரவில்லை. முட்டத்தில்தான் ஸ்லைடு அதிகம். ஓட்டிப் பார்த்தால் ஒரே அலைப் படம், ஸ்லைடுக்கு ஒரு கோடு கூடுகிறது. ஒரு வகுப்பில் முடியும். இரணியல் மிகச் சிறிய கோப்பு. அதில் பாதி ஸ்லைடில் ஒரு கணக்கும் கீழே வெற்றிடமும். கரும்பலகையில் போட்டுக் காட்டுவதற்கு விட்டிருக்கிறாள். காலி வகுப்பறையில் சாக்பீசை எடுத்துக்கொண்டு நானே ஒன்றைப் போட்டேன். மணி அடித்தும் முடியவில்லை. ஆகவே இரணியலுக்கு மூன்று வாரம் ஒதுக்கினேன்.

புத்தகத்துக்குக் கடைசி ஸ்லைடு உதவாது. அது எல்லாக் கோப்பிலும் ஒட்டிய ஒரே ஸ்லைடு. ஆனால் படங்களுக்கு அடியில் எறும்பு எழுத்தில் எந்தப் புத்தகம், எத்தனையாவது படம் என்று போட்டிருந்தாள். அதை வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். எங்கள் நூலகத்தில் இருந்தது பழைய பதிப்பு, படத்தின் எண் பொருந்தவில்லை. படத்தையே தேடிப் பிடித்து அந்த அத்தியாயத்தைக் குறித்தேன். வாரத்துக்கு ஒன்று கட்டாயம், முடிந்தவர்களுக்கு இன்னொன்று. மணவாளக்குறிச்சியில் பாதிப் படம் அவளே எடுத்த போட்டோ, எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த வாரத்துக்கு நூலகத்தில் கிடந்த கடல் அரிப்பு பற்றிய அரசு அறிக்கையில் சில பக்கங்களைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் துறைத்தலைவர் மெதுவாகப் படித்தார்.

"இப்பம் கொள்ளாம். எங்க சுசீந்திரத்த எங்க வச்சிருக்கீங்க? ஆங், பழையாறு பொழியில, கடல்ல போயிச் சேருகது, மணவாளக்குறிச்சி முடிஞ்ச பொறவு. சரிதான்." கையெழுத்துப் போட்டார். "ஏபிசிடி போச்சா?"

"போச்சு சார்."

தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடற்கரைப் பிள்ளை பின்னால் வந்து நின்று வாசித்தாள்.

"மேடம், கல்லு பத்தாவது வாரமா? அதுக்குள்ள இருக்குற கல்லும் போயிருமே."

"அலை எவ்வளவு உயரம்னு தெரியாம கல்லு எவ்வளவு கனம் வேணும்னு எப்படிட்டி சொல்லுவ? அலை ரெண்டு மடங்கு ஒசந்தா கல்லு எட்டு மடங்கு கனக்கணும். மொத அலையப் படி."

அவள் வாயைப் பிளந்தாள். "எட்டு மடங்கா? எங்க ஊருல போட்டத ரெண்டு பேரு தூக்கிருவாவ."

"பத்தாவது வாரம் வந்து சொல்லு" என்றேன். முகம் முழுக்கச் சிரிப்போடு போனாள்.

அன்று சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து ஈமெயில். அங்கே ஒரு கல்லூரியில் இதே பாடம் கிடைத்திருக்கிறதாம், வாரத் திட்டம் கேட்கிறார்களாம். 'நீ போட்டது இருந்தா அனுப்புட்டி' என்று எழுதியிருந்தாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லா வசவையும் ஈமெயிலில் எழுதி, கீழே திட்டத்தை இணைத்து அனுப்பினேன். கோப்பின் பெயர் நாகர்கோவில் என்று வைத்தேன். தேடிக் கண்டுபிடிக்கட்டும்.